ஒரே பக்கத்தில் எதை விடுவது?

ஒரு பின்னலாடை நிறுவனத்தின் மனிதவள அலுவலர் மேசையில் இருபது பக்கக் கொள்கை ஆவணம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதை ஒரே பக்கமாக்கித் தொழிலாளர் கையில் தர வேண்டும். பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் ஒரே அளவில் குறுக்குவார்கள். உள்ளகப் புகார்க் குழுவை அமைப்பது பற்றி மூன்று பக்கம் இருந்தால் சுருக்கத்தில் மூன்று வரி. விசாரணை நடைமுறை ஐந்து பக்கம் என்றால் ஐந்து வரி. தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு விதி ஆவணத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதற்கும், படிப்பவருக்கு அது எவ்வளவு தேவை என்பதற்கும் தொடர்பே இல்லை.

ஒவ்வொரு விதியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம்: இது தொழிலாளருக்குத் தெரியாவிட்டாலும் நடந்துவிடுமா? நடந்துவிடும் என்றால் விட்டுவிடலாம். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும், விசாரணை முடிந்து 10 நாளில் அறிக்கை தர வேண்டும், ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இவையெல்லாம் குழுவின், முதலாளியின் கடமைகள். பக்கக் கணக்கில் பெரியவை என்றாலும் ஒருபக்கச் சுருக்கத்தில் இவற்றுக்கு இடமில்லை. குழு எப்படி அமைந்தது என்பதை விட்டுவிட்டு, இப்போது உறுப்பினர்களாக இருப்பவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டால் போதும்.

தெரியாவிட்டால் கைநழுவிப் போகும் விதிகள் வேறு வகை. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது அப்படிப்பட்டது. விசாரணை நடக்கும்போது, எழுதிக் கேட்டால், புகார் தந்தவரையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றவும், புகார் தந்தவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். கேட்டால்தான் இது நடக்கும். ஆவணத்தின் நடுவே எங்கோ ஒரு பத்தியில் கிடக்கும் இந்த விதி, சுருக்கத்தில் மேலே வர வேண்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. விதியை வைத்துக்கொண்டு அதன் நிபந்தனையை வெட்டிவிடுவது. ‘3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், நான்காவது மாதத்தில் துணிவு பெற்ற பெண் கதவு மூடிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அனுமதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ‘எழுத்தில் தர வேண்டும்’ என்பதோடு நிறுத்தினால், எழுதத் தெரியாதவர் பின்வாங்குவார். அவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை என்ற அரை வரி அவசியம்.

‘பொய்ப் புகார் தந்தால் நடவடிக்கை’ என்ற வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தீய நோக்கம் விசாரணையில் நிறுவப்பட வேண்டும். அந்த நிபந்தனை போய்விட்டால் விதி மிரட்டலாகிவிடும். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முழுதாகச் சொல்ல இடமில்லை என்றால், பாதி சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே மேலான இடங்களும் உண்டு. சமரசம் அப்படி ஒன்று. பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே, விசாரணைக்கு முன் சமரசம் பேசலாம். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. ‘சமரசமாகவும் தீர்க்கலாம்’ என்று மட்டும் போட்டால், மேற்பார்வையாளர் அதைக் காட்டிப் பெண்ணைச் சமரசத்துக்கு நெருக்கத் தொடங்கலாம். சமரசம் பற்றிய வரியை எடுத்துவிட்டு, குழு நேரில் விளக்கட்டும் என்று விடுவது நல்லது. புகாரை ஆறு பிரதிகளாகத் தர வேண்டும் என்ற விதியும் அப்படியே. முதல் சந்திப்பில் குழு சொன்னால் போதும்; அச்சிட்டுக் கொடுத்தால் வாசலிலேயே தடையாகிவிடும்.

வெட்டியது சரியா என்று எப்படித் தெரியும்? முழு ஆவணத்தைப் படிக்காத ஒரு தொழிலாளரிடம் அந்தப் பக்கத்தைத் தந்து நான்கு கேள்விகள் கேட்கலாம். ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா புகார் தரலாமா? நிறுவனப் பேருந்தில் நடந்தால்? சம்பவம் நடந்து நான்கு மாதம் ஆகிவிட்டால்? சாட்சி இல்லாமல் புகார் நிற்காமல் போனால் தண்டனை உண்டா? முதல் மூன்றுக்கும் ‘முடியாது’ என்றோ நான்காவதற்கு ‘ஆமாம்’ என்றோ பதில் வந்தால், விடக் கூடாத ஒன்றை விட்டிருக்கிறோம். பக்கத்தில் இடமில்லை என்றால், நிறுவனத்தின் நோக்கம் பற்றிய முதல் பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்க்கலாம்.