உண்மையா, பொய்யா? ஒரு விரிவுரையாளரின் குறிப்பு

பொறியியல் பீடத்திற் புதிதாகச் சேரும் மாணவர் பலர்க்கு முதலாண்டிலே ஒரு மனக்குறை தோன்றுவதுண்டு. பாலம் அமைக்கவும் பொறிகளை இயக்கவும் கற்க வந்தவர்களிடம், ‘மழை பெய்கிறது, அல்லது மழை பெய்யவில்லை’ என்ற வாக்கியத்தைக் கொடுத்து, இஃது உண்மையா பொய்யா என வினவினால் அவர்கள் திகைப்பது இயல்பே. தனிநிலைக் கணிதம் என்னும் பாடத்தின் முதற்பகுதியாகிய அளவையியல் இவ்வாறுதான் தொடங்குகின்றது. இடையறாது மாறும் அளவுகளை விடுத்து, ஒன்று, இரண்டு எனத் தனித்தனியே எண்ணத்தக்கவற்றை ஆராய்வதனால் அக்கணிதம் அப்பெயர் பெற்றது.

இப்பாடத்தைக் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர், அக்குறையைப் போக்கும் பொருட்டுத் தம் மாணவர்க்கு ஒரு குறிப்பு எழுதி வழங்கினார். அளவையியல் பிற்காலத்திற் பயன்படும் என்று பொதுவாகச் சொல்லி அவர் விட்டுவிடவில்லை. மழையைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு, அது இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் என்ன ஆகின்றது என்று காட்டினார்.

ஓர் எடுப்பு உண்மையாக இருத்தல் வேண்டும்; அன்றேல் அதன் மறுப்பு உண்மையாக இருத்தல் வேண்டும்; இரண்டிற்கும் நடுவே வேறொன்றில்லை. இதனை நடு விலக்கல் விதி என்பர். உண்மை அட்டவணையில் இதற்கு இரண்டே வரிகள். இரண்டிலும் விடை ‘உண்மை’ என்றே வரும். ஆகவே, ஒரு கோவையில் ‘A அல்லது A அன்று’ எனக் கண்டால் அதனை நீக்கிவிட்டு ‘உண்மை’ என எழுதிக்கொள்ளலாம் என்று முதலாண்டு மாணவன் கற்கின்றான்.

இரண்டாம் ஆண்டில் இலக்கமுறை மின்சுற்றுக்கள் வருகின்றன. ஆளிகளால் ஆன சுற்றுக்களை, ஜோர்ஜ் பூல் வகுத்த அளவையியற் குறிகணிதத்தினால் ஆராயலாம் என்று குளோட் ஷனன் என்னும் அமெரிக்கர் 1937இல் தம் முதுமாணிப் பட்ட ஆய்விலே விளக்கினார். அது 1938இல் அச்சில் வெளிவந்தது. அதன் வழியே வந்த தர்க்கப் படலைகளைக் கொண்டு விரிவுரையாளர் அமைக்கச் சொன்ன சுற்று இது.

ஒரு தோட்டத்தில் இரண்டு கிணறுகள் இருக்கின்றன. நீரிறைக்கும் பம்பி ஒன்றே. S என்னும் ஆளி 1 ஆனால் முதற் கிணற்றிலிருந்தும், 0 ஆனால் இரண்டாம் கிணற்றிலிருந்தும் நீர் எடுக்கப்படும். முதற் கிணற்றில் நீர் உண்டு என்பதை P என்னும் குறியும், இரண்டாவதில் உண்டு என்பதை Q என்னும் குறியும் அறிவிக்கும். தேர்ந்த கிணற்றில் நீர் இருந்தாலன்றிப் பம்பி ஓடலாகாது. அதற்கான கோவை S·P + S'·Q என்பதாகும். S' என்பது S இன் மறுப்பு. விடை ஒருமுறை 0 ஆகிவிட்டாலும் பம்பியைப் பூட்டிவைக்கும் நினைவுறுப்பு ஒன்றும் உண்டு. வறண்ட கிணற்றில் ஓடிப் பம்பி கெடாதிருக்க அது காவல்.

இப்பொழுது இரு கிணறுகளிலும் நீர் நிறைந்திருக்கின்றது. P, Q இரண்டும் 1. கோவை ‘S அல்லது S அன்று’ எனச் சுருங்குகின்றது. அஃதாவது மழை வாக்கியமே. ஆளியை எப்பக்கம் திருப்பினும் பம்பி ஓடவேண்டும். ஆயினும் ஆளியை முதற் கிணற்றிலிருந்து இரண்டாவதற்கு மாற்றியவுடன் பம்பி நின்று பூட்டிக்கொள்கின்றது. மாணவன் உண்மை அட்டவணையை எத்தனை முறை சரிபார்த்தாலும் அதிலே பிழை இராது.

பிழை காலத்திலே கிடக்கின்றது. S இலிருந்து S' ஐ உண்டாக்கும் மறுப்புப் படலைக்கும் சிறிது நேரம் வேண்டும். பழைய 7404 வகைப் படலையில் அது சுமார் 10 நனோ செக்கன். S 0 ஆகிவிட்டது. S' இன்னும் 1 ஆகவில்லை. அந்த இடைவெளியில் இரண்டுமே 0. காவலுக்கு நின்றவன் போய்விட்டான், அடுத்தவன் வந்து சேரவில்லை என்பது போன்ற நிலை. விடை கணப்பொழுது 0 ஆகி மீள்கின்றது. நினைவுறுப்பு அதனைப் பிடித்துக்கொள்கின்றது. எதிர்த்திசையில் மாற்றினால் இவ்விடர் தோன்றாது. அப்பொழுது இரண்டும் சிறிது நேரம் சேர்ந்தாற்போல் 1 ஆக இருக்குமேயன்றிச் சேர்ந்து 0 ஆவதில்லை. ஒரு திசையில் மட்டும் தோன்றும் பிழை என்பதே நோயை இனங்காண நல்ல அடையாளம். சாதாரண மின்னழுத்தமானி இதனைக் காட்டாது. அலைவுகாட்டியின் திரையில்தான் அந்த மெல்லிய வெட்டு தெரியும்.

பரிகாரம் P·Q என்னும் உறுப்பையும் கோவையிற் சேர்ப்பது. இரு கிணற்றிலும் நீர் உண்டாயின் ஆளியைப் பார்க்கவே வேண்டாம் என்பது அதன் பொருள். அளவையியற்படி இவ்வுறுப்பு மிகை. சுருக்கக் கற்ற மாணவன் அதனை முதலில் வெட்டிவிடுவான். சுருக்கத் தெரிந்தவனுக்கே எதனைச் சுருக்கலாகாது என்பதும் தெரியவேண்டும் என்பது விரிவுரையாளரின் கருத்து. ஆனால் இம்மருந்துக்கும் எல்லை உண்டு. ஒரே வேளையில் ஓர் உள்ளீடு மட்டும் மாறினால்தான் இது பலிக்கும். பெரிய சுற்றுக்களில் மிகையுறுப்புக்களைத் தேடிச் சேர்ப்பதைவிட, மணித்துடிப்பு ஒன்றை வைத்து, எல்லாம் அடங்கியபின் விடையைப் படிப்பதே வழக்கம்.

மூன்றாம் ஆண்டிலே தரவுத்தளங்கள் வருகின்றன. அங்கே காலம் அன்று, அறியாமையே இடர் செய்கின்றது. ஒரு வகுப்பில் 60 மாணவர். மூவர் தேர்வுக்கு வராமையால் அவர்தம் புள்ளியிடம் வெறுமையாக இருக்கின்றது. 40 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவர், அல்லது 40இற்குக் குறைவாகப் பெற்றவர் எத்தனை பேர் எனக் கணினியிடம் இவ்வாறு வினவுகின்றனர்:

```sql
SELECT COUNT(*) FROM marks
WHERE score >= 40 OR score < 40;
```

மழை வாக்கியத்தின்படி விடை 60 ஆதல் வேண்டும். வருவதோ 57. வெறுமையான இடத்தை 40உடன் ஒப்பிட்டால் உண்மையும் வராது, பொய்யும் வராது. ‘தெரியாது’ என்னும் மூன்றாம் பெறுமானம் வரும். தெரியாதது அல்லது தெரியாதது என்றால் தெரியாததே. வினவல் உண்மையானவற்றை மட்டுமே பொறுக்கி எடுக்கும். ஆகவே சித்தியடைந்தோர் பட்டியலிலும் அம்மூவர் இலர். தவறியோர் பட்டியலிலும் இலர். மீள்தேர்வுக் கடிதம் தவறியோர்க்கு மட்டும் அனுப்பப்பட்டால், இம்மூவர்க்கும் அது போய்ச்சேராது. கணினியோ ஒரு பிழையும் அறிவித்திராது. இரு பட்டியலையும் கூட்டி, மொத்தத்துடன் ஒப்பிட்டாற்றான் குறை வெளிப்படும். வினவலின் இறுதியில் `OR score IS NULL` எனச் சேர்த்தால் 60 வரும்.

மூன்றாம் பெறுமானம் கணினியோடு பிறந்ததன்று. நாளைக்குக் கடற்போர் நிகழும் என்னும் கூற்று இன்றே உண்மையா பொய்யா என்று அரிஸ்டோட்டில் வினவியிருந்தார். போலந்து அளவையியலாளர் லுக்காசியேவிச் 1920இல் மூன்று பெறுமானங்களைக் கொண்ட அளவையியலை வகுத்தார்.

குறிப்பின் இறுதியில் ஒரு பயிற்சி உள்ளது. அதே அட்டவணைக்கு, புள்ளி 100இற்கு மேற்படலாகாது என `CHECK (score <= 100)` என்றொரு காவல் விதி இடப்பட்டிருக்கின்றது. வெறுமையான புள்ளியை அது உள்ளே விடுமா? விடும். வினவல் உண்மையை மட்டும் ஏற்கும். காவல் விதியோ பொய்யை மட்டும் தள்ளும். ‘தெரியாது’ என்பதை முன்னது தள்ள, பின்னது ஏற்கின்றது. இரண்டுக்குமான உண்மை அட்டவணையை மூன்று பெறுமானங்களுடன், ஒன்பது வரிகளில் எழுதி வருமாறு மாணவர் பணிக்கப்பட்டுள்ளனர்.