விட்டுப்போன ஆர்டர்கள் எங்கே?

ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கடை ஷாப்பிஃபை தளத்தில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதத்தில் 6,000 ஆர்டர்கள். அவற்றை எல்லாம் கணக்கு மென்பொருளில் ஏற்றினால்தான் ஜிஎஸ்டி கணக்கை முடிக்க முடியும். ஷாப்பிஃபையின் ஏபிஐ-யிடம் கேட்டு வாங்கிவர ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறார்கள். அது ஓடி முடிகிறது. பிழை எதையும் காட்டவில்லை. ஃபைலைத் திறந்தால் 50 ஆர்டர்கள்தான் இருக்கின்றன.

இந்தத் தவறு உடனே கண்ணில் படும். 5,750 ஆர்டர்கள் வந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த 250 ஆர்டர்களின் வரி விட்டுப்போனது எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது. ஏபிஐ-யிலிருந்து தரவு எடுப்பவர் அஞ்ச வேண்டியது சத்தமில்லாமல் விழும் இந்த ஓட்டையைத்தான். பாதியில் நின்றுபோகும் புரோகிராம் அவ்வளவு ஆபத்தில்லை. அது நின்றுபோனதாவது நமக்குத் தெரிகிறது.

முதலில், கேட்கும் விதம். ஒரு அழைப்புக்கு எத்தனை ஆர்டர் வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஷாப்பிஃபை 50 தரும். அதிகபட்சம் 250 கேட்கலாம். எந்த நிலையில் உள்ள ஆர்டர் என்று சொல்லாவிட்டால், இன்னும் முடித்துவைக்காத ஆர்டர்களை மட்டும் தரும். ஆகவே முதல் அழைப்பு இப்படி இருக்க வேண்டும்:

```
/orders.json?status=any&limit=250
&created_at_min=2024-11-01T00:00:00%2B05:30
&created_at_max=2024-11-30T23:59:59%2B05:30
```

`%2B` என்பது நம் நேரத்தைக் குறிக்கும் +05:30-இல் உள்ள கூட்டல் குறி. இணைய முகவரியில் கூட்டல் குறியை அப்படியே போட்டால் சர்வர் அதை வெற்றிடமாகப் படிக்கக்கூடும், தேதி குழம்பிவிடும். முடியும் தேதியைக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. இறக்கிக்கொண்டிருக்கும்போதே புதிய ஆர்டர்கள் வந்தாலும் அவை நாம் கேட்ட பட்டியலில் நுழையாது.

6,000 ஆர்டர்களுக்கு 24 பக்கங்கள். அடுத்த பக்கத்தைக் கேட்பது எப்படி? பக்க எண்ணைக் கொடுத்துக் கேட்பது பழைய வழக்கம். ஷாப்பிஃபையும் ஒரு காலத்தில் அதை வைத்திருந்து பிறகு கைவிட்டது. அதில் உள்ள கோளாறு இதுதான். பட்டியலில் புதியது மேலே இருக்கும். முதல் பக்கத்தை வாங்கிவிட்டோம். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்த ஒரு ஆர்டரை யாரோ அழித்துவிட்டால், கீழே உள்ள எல்லாம் ஓரிடம் மேலே ஏறும். 251-ஆவது ஆர்டர் 250-ஆவது இடத்துக்குப் போய்விடும். நாம் இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது அது அங்கே இருக்காது. புதிதாக ஒன்று சேர்ந்தால் இதற்கு நேர்மாறு: முதல் பக்கத்தின் கடைசி ஆர்டரே இரண்டாம் பக்கத்தில் மறுபடியும் வரும்.

இதைத் தவிர்க்க, ஷாப்பிஃபை ஒவ்வொரு பதிலோடும் அடுத்த பக்கத்தின் முழு முகவரியையே தந்துவிடுகிறது. அது பதிலின் தலைப்பகுதியில் `Link` என்ற வரியில் `rel="next"` என்ற குறிப்போடு இருக்கும். அந்த முகவரியில் உள்ள `page_info` எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதற்கான அடையாளம். முகவரியை நாமே கட்டாமல், வந்ததை அப்படியே பயன்படுத்த வேண்டும். அதோடு `status=any`-யை மறுபடி ஒட்டினால் சர்வர் ஏற்காது. `next` வராத பதில்தான் கடைசிப் பக்கம்.

இனி வேகம். ஷாப்பிஃபை இதற்கு அடியில் ஓட்டையுள்ள வாளியைக் கணக்காக வைத்திருக்கிறது. சாதாரணத் திட்டத்தில் வாளியின் கொள்ளளவு 40 அழைப்புகள்; நொடிக்கு இரண்டு வீதம் ஒழுகி வெளியேறும். வாளி நிரம்பியபின் ஊற்றினால் 429 என்ற எண் பதிலாக வரும். வாளி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு பதிலும் சொல்லிவிடுகிறது:

```
X-Shopify-Shop-Api-Call-Limit: 36/40
```

இதைப் படித்து, 30-ஐத் தாண்டினாலே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் புரோகிராமுக்கு 429 அரிதாகவே வரும். 24 பக்கங்களுக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் பணம் வந்த விவரத்தைத் தனித்தனியாகக் கேட்டால் 6,000 அழைப்புகள் ஆகும். நொடிக்கு இரண்டு என்றால் ஏறக்குறைய 50 நிமிடம். எத்தனை அழைப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பினாலும் இந்த நேரம் குறையாது. இந்த வாளி ஒரு கடையில் ஒரு செயலிக்கு ஒன்று. அதே செயலிதான் இருப்புக் கணக்கையும் புதுப்பிக்கிறது என்றால், நம் அவசரத்தால் அந்த வேலை தடைபடும்.

429 வந்தால் என்ன செய்வது? அதோடு `Retry-After` என்ற வரியும் வரும். அதில் சொன்ன நொடிகள் காத்திருந்து அதே முகவரியை மறுபடி கேட்க வேண்டும். 500, 503 போன்ற எண்கள் வந்தால் கோளாறு சர்வர் பக்கம். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று பெரும்பாலும் அது சொல்லாது. அப்போது 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அந்த இடைவெளிக்குள் குத்துமதிப்பாக ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. ஒரே நொடியில் தோற்ற நூறு புரோகிராம்கள் சரியாக 4 நொடி கழித்து ஒரே நொடியில் திரும்பி வந்தால், எழுந்து நிற்கப் பார்க்கும் சர்வர் மறுபடி விழும். 2015-இல் அமேசான் பொறியாளர் மார்க் புரூக்கர் இதைக் கணினியில் பாவித்துப் பார்த்தார். காத்திருப்பைச் சிதறவிட்டதும் மொத்த அழைப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன.

401, 404 போன்ற எண்களுக்கு மறுமுயற்சியால் பயனில்லை. சாவி தவறு, முகவரி தவறு என்பது அவற்றின் பொருள். பத்து முறை கேட்டாலும் அதே பதில்தான் வரும். உடனே நிறுத்திக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று: மறுபடி கேட்பது தரவைப் படிக்கும் அழைப்புக்கு மட்டுமே பாதுகாப்பானது. பணத்தைத் திருப்பித் தரும் அழைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மறுமுறை அனுப்பினால், பணம் இரண்டு முறை போகக்கூடும்.

ஆரம்பத்தில் சொன்ன சத்தமில்லாத ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. பலர் எழுதும் வரி இது:

```python
orders = r.json().get("orders", [])
```

429 பதிலில் `orders` என்ற பகுதியே இருக்காது. இந்த வரி அதைப் பிழையாக எண்ணாமல் காலிப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். `Link` வரியும் இருக்காது என்பதால் கடைசிப் பக்கம் வந்துவிட்டது என்று புரோகிராம் நினைத்து, நிம்மதியாக வேலையை முடித்துவிடும். ஆகவே பதிலின் எண் 200 என்று உறுதிசெய்த பிறகே உள்ளே இருப்பதைத் தொட வேண்டும். ஐந்தாறு முயற்சிக்குப் பிறகும் ஒரு பக்கம் வரவில்லை என்றால், அதைத் தாண்டிப் போகாமல் முழு வேலையையும் நிறுத்த வேண்டும். `page_info` நாள்கணக்கில் வைத்திருக்கத் தக்கதல்ல. ஆகவே விட்ட மாதத்தை மறுபடி முதலிலிருந்து எடுப்பதே நல்லது. ஆர்டர் எண்ணைச் சாவியாக வைத்துச் சேமித்தால் எத்தனை முறை எடுத்தாலும் ஒன்று இரண்டாகாது.

2024 அக்டோபர் முதல் இந்த முறையைப் பழையது என்று வகைப்படுத்தி, புதிய வேலைகளுக்குக் கிராஃப்கியூஎல் முறையை ஷாப்பிஃபை பரிந்துரைக்கிறது. அதில் அழைப்புகளின் எண்ணிக்கைக்குப் பதில் ஒவ்வொரு கேள்வியின் பளுவை வைத்து வாளி நிரம்பும். அடுத்த பக்கத்துக்கான அடையாளமும் காத்திருப்பும் அங்கேயும் உண்டு.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. `orders/count.json` என்ற முகவரியை அதே தேதிகளோடும் `status=any`-யோடும் கேட்டால் மொத்த எண்ணிக்கை வரும். நம்மிடம் சேர்ந்துள்ள ஆர்டர்களில் தனித்தனி எண்கள் எத்தனை என்று எண்ணி இரண்டையும் ஒப்பிட வேண்டும். அங்கே 6,000, இங்கே 5,750 என்றால் சரியாக ஒரு பக்கம் போயிருக்கிறது என்று வித்தியாசமே சொல்லிவிடும். இரண்டும் ஒத்துப்போகாதவரை அந்த ஃபைல் கணக்கருக்குப் போகக்கூடாது.