மாமாவின் பார்ட்னர்ஷிப் டீட்: கையெழுத்துக்கு முன்னாடி நாலு இடம்

கடலூர் மாமா ஆறு பக்கப் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கையெழுத்துப் போடலாமான்னு பார்த்துச் சொல்லுடா"ன்னார். சிதம்பரத்தில் நண்பரோடு ஹார்டுவேர் கடை. ரெண்டே பங்குதாரர்கள்.

லாப நஷ்டம் 60:40 என்று எழுதியிருந்தது. நல்லது. எழுதாமல் விட்டால், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் 1932 கூட்டாண்மைச் சட்டப்படி சரிபாதிதான்.

மாமாவுக்குப் பிடித்த வரி இது: "50,000 ரூபாய்க்கு மேல் கடனில் சரக்கு எடுக்க இருவர் கையெழுத்து." எனக்கு அங்கேதான் இடித்தது. நண்பர் தனியாக 3 லட்சத்துக்குச் சிமென்ட் எடுக்கிறார்னு வைங்க. சப்ளையருக்கு இந்த நிபந்தனை தெரியாதென்றால், 20-ஆம் பிரிவுப்படி கடை அந்தக் கடனுக்குக் கட்டுப்படும். கடைப் பணம் போதாவிட்டால் மாமாவின் சொந்தச் சொத்துக்கும் வரலாம். நண்பரிடம் அப்புறம் வசூலிப்பது மாமா பாடு. அதனால் சப்ளையர்களுக்கு இப்பவே எழுத்தில் தெரிவிக்கச் சொன்னேன்.

மூன்று மாத நோட்டீஸில் விலகலாம் என்றும் இருந்தது. அது நண்பருக்குத் தர வேண்டிய நோட்டீஸ். வெளியாருக்கு? பதிவான நிறுவனமென்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். அதுவரை, மாமாவைப் பங்குதாரர் என்று நம்பிக் கடன் கொடுத்தவர் அவரிடமும் கேட்கலாம்.

கடைசிப் பக்கத்தில், "ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்." மூன்று பேர் இருந்தால் சரி. ரெண்டு பேரில் ஒருவர் போனால் மிச்சம் ஒருத்தர். ஒருத்தர் கூட்டாண்மை ஆக முடியாது. உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொல்லிவிட்டது. வாரிசு சேர வேண்டுமென்றால் புது ஒப்பந்தம் போடணும்.

மாமா இன்னும் கையெழுத்துப் போடலை.