சத்தமாகப் படிக்க ஓர் அறை

'கெடு' என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். கை முதலில் எழுதுவது ஒற்றைக்கொம்பை. ஆனால் வாய் முதலில் சொல்வது 'க்' என்ற ஒலியை. கொம்புக்குரிய 'எ' அதற்குப் பிறகுதான் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த முன்பின்னைத் தானாகப் பழகிவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி, மணல் தட்டில் விரலால் எழுதி, பலமுறை திருப்பிச் செய்தால்தான் பிடிபடும்.

அதை எங்கே செய்வது? ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியை தன் நிர்வாகக் குழுவிடம் தனி அறை கேட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் பரிவைப் பேசும். குழுவினரும் பரிவோடு தலையாட்டிவிட்டு, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள். இந்தத் தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறார்:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகள் 12 பேர். இருவர் இருவராக ஆறு குழுக்கள். ஒரு குழுவுக்கு வாரம் நான்கு பீரியட் வீதம் மாதத்துக்கு 96 பீரியட் நடக்க வேண்டும். சென்ற மாதம் 35 நடக்கவில்லை. நூலகத்துக்கு வேறு வகுப்பு வந்துவிட்டது; வராந்தாவில் மழைச்சாரல்; ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு. நடந்த வகுப்புகளிலும் பிள்ளைகள் வாய் திறந்து படிக்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதை ஆறாம் வகுப்புப் பையன் கேட்டால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியும்."

கோரிக்கையின் உயிர் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அமைதி வேண்டும் என்பதற்காக அவர் அறை கேட்கவில்லை. தப்பாகப் படித்தாலும் யாரும் சிரிக்காத இடம் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். பிள்ளைகளின் பெயரும் கடிதத்தில் இல்லை. குழுக் கூட்டத்தில் கடிதத்தை உரக்க வாசிப்பார்கள், உறுப்பினர்களில் பெற்றோரும் இருக்கலாம்.

குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார்: "தனி அறை கொடுத்தால் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதாகாதா?" நியாயமான கேள்விதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து, ஏற்ற முறையில் பாடம் நடத்தவும் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் ஒருசேரப் பதில் சொல்வது கால அட்டவணைதான். வாரத்தின் 40 பீரியடில் ஒரு பிள்ளை நான்கு பீரியட் மட்டுமே இந்த அறைக்கு வரும். மீதி 36-ம் தன் வகுப்பில்தான். அந்த நான்கை விளையாட்டு, ஓவிய பீரியடுகளிலிருந்து எடுப்பதில்லை என்றும் தலைமையாசிரியை எழுதுகிறார். படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பெருமை கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

சிறப்பாசிரியரின் வாரத்தில் 24 பீரியட் கற்பித்தலுக்குப் போக மிச்சம் 16. புதிய பிள்ளைகளை மதிப்பிடுவதற்கும், வகுப்பறையில் போய் உட்கார்ந்து கவனிப்பதற்கும், பெற்றோரைச் சந்திப்பதற்கும் அந்த நேரம் போகிறது. வகுப்பறைக்குப் போகாத சிறப்பாசிரியரால், இங்கே கற்றது அங்கே பயன்படுகிறதா என்று சொல்ல முடியாது.

அறையைப் பற்றிக் கேட்பது கொஞ்சம்தான். வகுப்பறையில் பாதி அளவு போதும். தரைத்தளத்தில், பாட்டு வகுப்புக்கும் மணிக்கும் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு சிறு மேசை, ஒரு பலகை, ஓர் அலமாரி, ஒரு பாய். கதவில் கண்ணாடி இருக்க வேண்டும். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும், கேட்கக் கூடாது. தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே போகிறவன் தண்டனைக்குப் போகிறான் என்றே மற்றப் பிள்ளைகள் நினைப்பார்கள்.

இப்படிக் கிடைக்கும் அறைகள் கெட்டுப்போவது எப்படி என்பதும் அவருக்குத் தெரியும். முதலில் பழைய வினாத்தாள் கட்டு வந்து சேரும். பிறகு, லீவில் போன ஆசிரியருக்குப் பதிலாகச் சிறப்பாசிரியரை அனுப்புவார்கள். கடைசியில், வகுப்பில் அடங்காதவனை "அங்கே போய் உட்கார்" என்று விரட்டுவார்கள். அன்றிலிருந்து அந்த அறைக்கு வர மற்றப் பிள்ளைகள் கூசுவார்கள். அதனால் கடிதம் இப்படி முடிகிறது:

"சிறப்பாசிரியரை மாற்று வகுப்புக்கு அனுப்ப மாட்டேன். தண்டனையாக எந்தப் பிள்ளையையும் இங்கே அனுப்ப விடமாட்டேன். ஒரு வருடம் கழித்துப் பதிவேட்டைப் பாருங்கள். மாதம் 96-இல் 85 பீரியடாவது நடந்திருக்காவிட்டால், அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."