தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும்தான். எடுத்துப் பார்த்தால் உழுகிறவர் பேரன். பட்டாவில் இருப்பதோ எப்போதோ காலமான தாத்தாவின் பெயர். தமிழ்நாட்டில் 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அதாவது கிராமங்களில் இன்றும் ‘யுடிஆர்’ என்று சொல்லப்படும் அந்தக் கணக்கெடுப்பின்போது, யார் பெயர் ஏறியதோ அதே பெயர் பல குடும்பங்களில் இன்னும் அப்படியே நிற்கிறது. நிலத்தை விற்காதவரை, கடன் வாங்காதவரை, அரசு சாலைக்காக நிலம் எடுக்காதவரை அது யாருக்கும் உறுத்துவதில்லை.

உறுத்தும்போது அவசரமாக இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் விண்ணப்பம் போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் முடிக்க வேண்டியது, பட்டாவில் பெயர் உள்ளவரிலிருந்து இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு வாரிசு வரைக்கும் அறுபடாத ஒரு சங்கிலியைக் காகிதத்தில் கட்டுவது. மனுக்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போவதால்தான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய 2 ஏக்கர் 70 சென்ட் புஞ்சை. உயில் எதுவும் எழுதாமல் 1994-இல் இறந்தார். பாட்டி 2003-இல் காலமானார். அவர்களுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்த மகன் 2015-இல் இறந்துவிட்டார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். நிலத்தில் இப்போது பயிர் வைப்பவர் இளைய மகன்.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி தாத்தா இறந்த அன்றே அவருடைய நிலம் பாட்டிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நான்கு சம பங்காக வந்துவிட்டது. பட்டாவில் பெயர் மாறவில்லை என்பதால் உரிமை காத்திருப்பதில்லை. பாட்டி இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் பிரிந்தது. ஆக ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 சென்ட். மூத்தவரின் 90 சென்ட், 2015-இல் அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 30 சென்டாக இறங்கியது. இன்று அந்த நிலத்துக்கு உரியவர்கள் ஐந்து பேர்: இளைய மகன் 90, மகள் 90, மூத்தவர் வீட்டில் மூவருக்கும் முப்பது முப்பது.

இதில் இறந்த வரிசை முக்கியம். மூத்த மகன் 2015-க்குப் பதில் 2001-இல், பாட்டி உயிரோடு இருக்கும்போதே இறந்திருந்தால் கணக்கே வேறு. மகன் சொத்தில் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. மனைவி, பிள்ளைகளோடு அவரும் முதல் நிலை வாரிசு. தந்தை அந்த வரிசையில் இல்லை. ‘வயதானவர்தானே’ என்று தாயின் பெயரை விட்டுவிட்டு வாரிசுப் பட்டியல் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

நிலம் பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், குடும்பம் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தாலும் பங்கு விகிதம் மாறும். காகிதங்கள் சேர்க்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

சங்கிலிக்கு வேண்டிய காகிதங்கள்

முதலில் eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பட்டாவை எடுத்துப் பார்க்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், உட்பிரிவு எண், பரப்பு நான்கையும் கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். பத்திரம் ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். மேலே சொன்ன 2 ஏக்கர் 70 சென்ட், பட்டாவில் 1 ஹெக்டேர் 9 ஏரையொட்டி வரவேண்டும். அதற்கு மிகவும் குறைந்தாலோ பெயரே வேறாக இருந்தாலோ அது வாரிசு மாற்றத்தோடு தீரும் சங்கதி அல்ல. பதிவேட்டுப் பிழையைத் திருத்தத் தனி மனு கொடுக்க வேண்டும். அது முடியாமல் வாரிசு மனு போட்டால், ‘பட்டாவில் உள்ளவரும் இறந்தவரும் ஒருவர்தானா’ என்ற கேள்வியில் மனு நின்றுவிடும்.

அடுத்தது இறப்புச் சான்று. நம் குடும்பத்துக்கு மூன்று வேண்டும்: தாத்தா, பாட்டி, மூத்த மகன். பழைய சாவுகள் பல பதிவாகியே இருக்காது. அப்படியானால் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு பெற்றுத்தான் காலங்கடந்து பதிய முடியும். ஒட்டுமொத்த வேலையில் அதிக நாள் இழுப்பது இதுதான் என்பதால் இதை முதலில் தொடங்குவது நல்லது.

பிறகு வாரிசுச் சான்று. தாத்தாவுக்கு ஒன்று, மூத்த மகனுக்கு ஒன்று. இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர, வட்டாட்சியர் சான்று வழங்குவார். இந்தச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும்; யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

‘அத்தைக்குத்தான் கல்யாணத்திலேயே நகை போட்டு அனுப்பியாச்சே, அது பேரு எதுக்கு?’ என்ற பேச்சு வருவது இந்த இடத்தில்தான். கல்யாணச் சீர் வாரிசுரிமையை அழிக்காது. மகளை மறைத்து வாங்கிய சான்று பின்னால் ரத்தாகலாம்; அதை நம்பி நடந்த பட்டா மாறுதலும் அதோடு சேர்ந்து ஆட்டம் காணும். அத்தை உண்மையிலேயே விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கென்று வழி இருக்கிறது: தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்வது. வெறும் தாளிலோ நோட்டரி முன்போ போட்ட கையெழுத்து நிலத்துக்குச் செல்லாது.

இவற்றோடு மூலப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, வாரிசுகளின் ஆதார் நகல்கள் சேரும். தாத்தா வாங்கிய தேதியிலிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அவரே உயிரோடு இருந்தபோது ஓரத்தில் பத்து சென்ட் விற்றிருந்தாலும் அடமானம் வைத்திருந்தாலும் அதில் வந்துவிடும்.

கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா?

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஐந்து பேர் பெயரும் ஒரே பட்டாவில் ஏறினால் போதும் என்றால் அது உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல். இ-சேவை மையத்திலோ tamilnilam.tn.gov.in/citizen என்ற தளத்திலோ விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குப் போகும். அவர் மூலக் காகிதங்களைப் பார்ப்பார், அனுபோகத்தில் இருப்பது யார் என்று விசாரிப்பார். எல்லாம் சரியாக இருந்தால் மண்டலத் துணை வட்டாட்சியர் உத்தரவிடுவார்.

கூட்டுப் பட்டாவில் ஐந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். 90, 30 என்ற பங்கு அதில் இருக்காது. பார்க்கிறவருக்கு ஐவரும் சமம்போலத் தோன்றும். ஆகவே அதைப் பங்குக்கான ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

அவரவர் பங்கு அவரவர் பெயரில் தனியாக வேண்டுமென்றால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். கிணறு யார் பக்கம், வண்டிப்பாதை எவ்வளவு அகலம், பம்புசெட் மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் நான்கெல்லையோடு எழுதப்பட வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு முத்திரைக் கட்டணம் சாதாரண கிரயத்தைவிட மிகக் குறைவு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. பத்திரம் பதிந்தபின் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு மனு போக, நில அளவர் நேரில் வந்து அளப்பார். புல எண் 142/3 என்று இருந்தது 142/3ஏ, 142/3பி என்று பிரிந்து, புலப்பட வரைபடத்திலும் கோடு விழும். அளக்கிற நாளில் எல்லாப் பங்குதாரர்களும் வயலில் நிற்பது அவசியம். பத்திரத்தில் உள்ள அளவுக்கும் தரையில் கிடைக்கும் அளவுக்கும் வித்தியாசம் வந்தால், யார் பங்கில் குறைப்பது என்று அங்கேயே பேசித் தீர்க்கலாம். பிறகு தீர்ப்பது கஷ்டம்.

வாரிசுகளில் யாராவது 18 வயது நிரம்பாதவராக இருந்தால் கூட்டுப் பட்டாவில் பெயரைக் காப்பாளரோடு சேர்த்து ஏற்றலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ தாய் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. நீதிமன்ற அனுமதி வேண்டும்.

ஒருவர் ஆட்சேபித்தால்

இளைய மகன் மனு போட, மூத்தவர் வீட்டிலிருந்து ஒரு ஆட்சேபனை வந்தால் என்ன ஆகும்? வட்டாட்சியர் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார். வாரிசு யார் என்பதில் தகராறு இல்லாமல் காகிதம் தெளிவாக இருந்தால் உத்தரவிடுவார். உயில் உண்மையா, சொத்து பூர்வீகமா சுயார்ஜிதமா என்று தகராறு ஆழமாகப் போனால் அதைத் தீர்க்கும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு இல்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பட்டா மாறுதல் என்பது வருவாய்க் கணக்குக்கான பதிவு, அது உரிமையை உண்டாக்காது, இருக்கிற உரிமையைப் பறிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தன் பெயர் விடுபட்ட மகள் பட்டா மாறிவிட்டதே என்று சோர வேண்டியதில்லை. பாகப்பிரிவினை வழக்கு போடும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கிறது.

வட்டாட்சியரின் உத்தரவு தவறு என்று கருதுகிறவர், தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனு உண்டு. மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘ஆவணம் போதவில்லை’ என்று வந்திருந்தால் மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டாம். குறைந்த காகிதத்தைச் சேர்த்து மறுபடி மனு கொடுப்பதே சுருக்கமான வழி.

உத்தரவு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதுப் பட்டாவை இறக்கி ஒவ்வொரு பெயரின் எழுத்தையும் ஆதாரோடு ஒப்பிட வேண்டும். அ-பதிவேட்டிலும் அதே பெயர்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தனிப் பட்டா என்றால் எல்லா உட்பிரிவுகளின் பரப்பையும் கூட்டி, பழைய பட்டாவின் மொத்தப் பரப்பு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் உத்தரவு நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் உடனே திருத்த மனு கொடுத்துவிடலாம். பிஎம் கிசான் உதவித்தொகைக்கு 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே அளவுகோல். அதற்குப் பிறகு பட்டாதாரர் இறந்து வாரிசுக்கு மாறியிருந்தால் விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்கும் பயிர்க்கடனுக்கும் கொண்டுபோக வேண்டியது இந்தச் சரிபார்த்த பட்டாவைத்தான்.