ஐந்தின் வர்க்கம் ஏழா?

எக்செலில் `=5^2` என்று அடித்தால் 25 வரும். பேசிக் மொழியிலும் அடுக்குக்கு இதே குறிதான். அந்தப் பழக்கத்தோடு பைத்தானுக்கோ சி மொழிக்கோ வருகிறவர்கள் அங்கேயும் தொப்பி போன்ற இந்தக் கேரட் குறியைப் போடுகிறார்கள். கணினி எந்தத் தவறும் சொல்லாமல் 7 என்று விடை தருகிறது.

இந்த இரண்டு மொழிகளிலும் கேரட்டின் வேலை வேறு. அது எக்ஸ்-ஆர் என்னும் செயலைச் செய்கிறது. இரண்டு எண்களையும் இரும எண்களாக எழுதி, இடத்துக்கு இடம் ஒப்பிடும். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. ஐந்து என்பது 101, இரண்டு என்பது 010. மூன்று இடங்களிலும் பிட்டுகள் வேறுபடுவதால் விடை 111, அதாவது 7.

பக்க நீளங்கள் 3, 4 கொண்ட செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் 25. அதைப் பைத்தானில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
print(3^2 + 4^2)     # 7
print(3**2 + 4**2)   # 25
```

முதல் வரியில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. கணக்கில் அடுக்குதான் முதலில், கூட்டல் பிறகு. எக்ஸ்-ஆரோ கூட்டலுக்குப் பின்னால்தான் வரும். எனவே கணினி முதலில் நடுவிலுள்ள 2, 4 இரண்டையும் கூட்டி 6 ஆக்குகிறது. பிறகு 3-ஐயும் 6-ஐயும் எக்ஸ்-ஆர் செய்தால் 5. அதை 2-உடன் செய்தால் 7.

தசம எண் இருந்தால் தப்பித்தோம். `1.5^2` என்று எழுதினால் பைத்தான் `TypeError` காட்டி நின்றுவிடும். சி நிரல் கம்பைலே ஆகாது. முழு எண்களில்தான் பிழை சத்தமில்லாமல் நுழைகிறது. சி மொழியில் `2^16` என்று எழுதினால் 65536-க்குப் பதில் 18 கிடைக்கும். பலரும் இப்படி எழுதுவதால், ஜிசிசி 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே `-Wxor-used-as-pow` என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் 2 அல்லது 10 என்ற எண்ணும், வலப்பக்கமும் நேரடி எண்ணும் இருந்தால்தான் அது வாய் திறக்கும். `r^2` என்று மாறியை எழுதினால் கண்டுகொள்ளாது.

பிழையைப் பிடிக்க எளிய வழி உண்டு. நேர் முழு எண்கள் இரண்டை எக்ஸ்-ஆர் செய்தால் விடை அவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டாது. ஒரே எண் இருபுறமும் இருந்தால் பூச்சியம். அடுக்கு போட்டும் விடை ஏறாமல் கிடந்தால் முதலில் கேரட்டைத் தேடுங்கள்.

பைத்தானில் அடுக்குக்கு `**` போடுங்கள். சி மொழியில் அடுக்குக்கென்று தனிக் குறியே இல்லை. `math.h` தரும் `pow` இருக்கிறது, ஆனால் அது தசம எண்ணாகவே விடை தரும். வெறும் வர்க்கம்தான் வேண்டுமென்றால் `r * r` என்று எழுதுவதே நல்லது.