பணம் வந்த பிறகு பதிவை நீக்குவது

இணையத்தில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய புடவை சாயம் போய்விட்டது. திருப்பி அனுப்பி மூன்று வாரமாகியும் பணம் வராததால், கடையின் பெயரோடு முகநூலில் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: “ரீஃபண்ட் போட்டுவிட்டோம், பதிவை எடுத்துவிடுங்கள்.”

இங்கே அவசரப்படக் கூடாது. கடை பணத்தை அனுப்பிவிட்டதாகச் சொல்வதும், அது நம் கணக்கில் ஏறுவதும் வேறு வேறு. கார்டில் கட்டிய பணம் திரும்ப ஒரு வாரம்கூட ஆகும். கடையிடம் ஏ.ஆர்.என் எண்ணைக் கேட்டு வாங்கினால், அதை வைத்து நம் வங்கியில் விசாரிக்கலாம். யூபிஐ என்றால் யூடிஆர் எண். எண்ணைத் தராமல் இழுத்தடித்தால் பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்று சந்தேகிக்கலாம்.

எனக்கு ஐந்தாம் நாள் வந்தது, ஆனால் 1,770 ரூபாய்தான். கூரியர் கட்டணம் 80 ரூபாயைப் பிடித்திருந்தார்கள். தவறு அவர்களுடையது என்று எழுதிக் கேட்டதும் அதையும் அனுப்பினார்கள். முழுத்தொகையையும் பார்த்த பிறகே பதிவை நீக்கினேன். அதற்குமுன் பதிவையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். நீக்கிவிட்டால் கீழே மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்து போய்விடும்.

பிறகு கடைக்கு எழுதினேன்: “வணக்கம். 1,850 ரூபாயும் வந்து சேர்ந்தது, நன்றி. முகநூல் பதிவை இன்று நீக்கிவிட்டேன். வேறு யாராவது படமெடுத்துப் பகிர்ந்திருந்தால் அது என் கையில் இல்லை.” கடைசி வரி கொஞ்சம் கறார்தான். ஆனால் நாளைக்கு அந்தப் படம் எங்காவது தலைகாட்டினால் என்னைக் கேட்கக் கூடாதல்லவா?